ஆறு நிமிடச் சுவர்: ஒரு இதயத் துடிப்பு வரைபடத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்த கதை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சித்தப்பா வாட்ஸப்பில் ஒரு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினார். அவருக்கு வயது 60. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஸ்டென்ட் வைத்தார்கள். அதிலிருந்து தினமும் காலையில் பார்க்கில் நடை, நடுவில் இரண்டு தடவை மெதுவான ஓட்டம். கையில் மகள் வாங்கிக் கொடுத்த ஸ்மார்ட்வாட்ச். படத்துக்குக் கீழே எழுதியிருந்தார்: "டாக்டர் 130-ஐத் தாண்ட வேண்டாம்னு சொல்லியிருக்கார். இன்னிக்கு எவ்வளவு நேரம் தாண்டியிருக்கேன்னு பாத்துச் சொல்லுப்பா."

சின்னக் கேள்விதான். ஆனால் அந்த ஆப்பில் ஜோன் கணக்கு கிடையாது. மொத்த நேரம் 45:00, சராசரி 119, அதிகபட்சம் 152 என்று மூன்று எண்கள். அதற்குக் கீழே ஏறி இறங்கும் ஒரு சிவப்புக் கோடு. அவ்வளவுதான். பதிவை ஃபைலாக வெளியே எடுக்க முடிந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை. வினாடி வினாடியாக எண்கள் அதிலேயே இருக்கும். இந்த ஆப்பில் அந்த வசதியும் இல்லை. ஆக, இருப்பது படம் மட்டும்.

படத்திலிருந்து நிமிடங்களை எடுக்க முடியுமா? முடியும், நினைத்ததைவிடத் துல்லியமாகவே முடியும். ஆனால் எடுத்து முடித்த பிறகு எனக்குப் புரிந்தது வேறு ஒன்று. நாம் கேட்டு வாங்குகிற ஜோன் பட்டியலைவிட, அந்தப் பட்டியல் எந்தக் கோட்டிலிருந்து வருகிறதோ அந்தக் கோடுதான் அதிகம் சொல்கிறது. அதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

முதலில் தப்பான வழிகள்

எனக்கு முதலில் தோன்றியது: சராசரி 119, அது 130-க்குக் கீழே, அப்போ கவலை இல்லை. இது கணக்கே இல்லை. 45 நிமிடமும் 119-லேயே இருந்தாலும் சராசரி 119. பாதி நேரம் 98, பாதி நேரம் 140 என்று இருந்தாலும் அதே 119. எல்லைக்கு மேலே எவ்வளவு நேரம் என்ற கேள்விக்குச் சராசரியால் பதில் சொல்ல முடியாது.

இரண்டாவது தோன்றியது கொஞ்சம் புத்திசாலித்தனமானது, அதனால்தான் ஆபத்தானது. படத்தில் சிவப்புப் பிக்சல்களை எண்ணுவது. 130-க்கு மேலே எத்தனை, கீழே எத்தனை என்று விகிதம் பார்ப்பது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கோடு படுத்திருக்கும் இடத்தில் ஒரு நெடுவரிசைக்கு அதன் தடிமன் அளவுக்குத்தான் பிக்சல் இருக்கும்; இந்தப் படத்தில் 6. கோடு செங்குத்தாக எழுந்து நிற்கும் இடத்தில் ஒரே நெடுவரிசையில் 180 பிக்சல் இருக்கலாம். அப்படி ஒரு இடம் இந்தப் படத்தில் உண்மையிலேயே இருந்தது. 3 வினாடிக்கான அந்த ஒரு நெடுவரிசை, படுத்த கோட்டின் 30 நெடுவரிசைகளுக்குச் சமமாக எண்ணப்பட்டுவிடும். அதாவது 3 வினாடி ஒன்றரை நிமிடமாகிவிடும். பிக்சலை எண்ணினால் நேரம் கிடைக்காது, கோட்டின் நீளம்தான் கிடைக்கும்.

சரியான வழி எளிமையானது. ஒரு நெடுவரிசைக்கு ஒரே ஒரு துடிப்பு எண். எத்தனை நெடுவரிசைகள் எல்லைக்கு மேலே என்று எண்ண வேண்டும். அதை ஒரு நெடுவரிசைக்கான வினாடியால் பெருக்க வேண்டும்.

பிக்சலைத் துடிப்பாக மாற்றுவது

அதற்கு முன் ஒரு காரியம். வாட்ஸப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி ஜேபெக்காக வரும். ஜேபெக் வெளிச்சத்தை ஓரளவு ஒழுங்காகக் காப்பாற்றும், நிறத்தைக் கரைத்துவிடும். மெல்லிய சிவப்புக் கோட்டின் ஓரம் பின்னணியோடு கலந்து, கோடு எங்கே முடிகிறது என்றே தெரியாமல் போகும். அதனால் "சித்தப்பா, அதையே டாக்குமென்ட்டா அனுப்புங்க" என்றேன். 1080 பிக்சல் அகலத்தோடு அசல் படம் வந்தது.

இனி இரண்டு அச்சுகளையும் அளக்க வேண்டும். நிற்கும் அச்சில் 80, 120, 160 என்று மூன்று மெல்லிய கிடைக்கோடுகள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் 80-இன் கோடு மேலிருந்து 1460-ஆவது பிக்சலில், 160-இன் கோடு 1140-இல். 80 துடிப்புக்கு 320 பிக்சல், ஆக ஒரு துடிப்புக்கு 4 பிக்சல். 120-இன் கோடு நடுவில் 1300-இல் இருக்க வேண்டும், இருந்தது. இந்த மூன்றாவது கோட்டைச் சரிபார்ப்பது முக்கியம், அச்சு சீராகப் போகிறதா என்பதற்கு அதுதான் சாட்சி.

இங்கே எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. கோட்டை அளக்காமல், பக்கத்தில் அச்சிட்டிருக்கும் "160" என்ற எழுத்தின் நடுவை அளந்துவிடுவது. பல ஆப்களில் எழுத்து கோட்டுக்குக் கொஞ்சம் மேலேயோ கீழேயோ உட்கார்ந்திருக்கும். 4 பிக்சல் தவறினால் ஒரு துடிப்பு தவறும். ஒரு துடிப்பு பெரிய விஷயமா என்று கேட்டால், பதில் கொஞ்சம் பிறகு வருகிறது.

கிடை அச்சில் 0 நிமிடம் 120-ஆவது பிக்சலில், 40 நிமிடம் 920-இல். 800 பிக்சலுக்கு 40 நிமிடம், அதாவது ஒரு பிக்சலுக்கு 3 வினாடி. 45 நிமிடத்துக்கு 900 நெடுவரிசைகள்.

கணக்கு இவ்வளவுதான்:

```python
from PIL import Image
import numpy as np

im = np.array(Image.open("walk.png").convert("RGB")).astype(int)
r, g, b = im[..., 0], im[..., 1], im[..., 2]
red = (r > 180) & (g < 110) & (b < 110)

hr = []
for x in range(120, 1020):
    ys = np.flatnonzero(red[1100:1480, x]) + 1100
    mid = (ys.min() + ys.max()) / 2 if len(ys) else np.nan
    hr.append(80 + (1460 - mid) / 4)
hr = np.array(hr)

print(np.nanmean(hr), np.nanmax(hr), np.isnan(hr).sum())
print((hr > 130).sum() * 3 / 60)
for lo, hi in [(0, 96), (96, 112), (112, 128), (128, 144), (144, 999)]:
    print(lo, hi, ((hr >= lo) & (hr < hi)).sum() * 3 / 60)
```

ஒவ்வொரு நெடுவரிசையிலும் சிவப்பின் மேல் நுனி, கீழ் நுனி இரண்டையும் எடுத்து நடுவை வைத்துக்கொள்கிறது. அந்த நடுவைத் துடிப்பாக மாற்றுகிறது. சிவப்பின் எல்லை எண்களான 180, 110 எல்லாம் இந்தப் படத்துக்கானவை; வேறு நிறக் கோடென்றால் ஒரு பிக்சலின் நிறத்தைப் பார்த்து மாற்றிக்கொள்ள வேண்டும். கோட்டுக்குக் கீழே நிறம் நிரப்பிய வரைபடம் என்றால் நடுவை எடுக்கக் கூடாது, மேல் நுனியை மட்டும் எடுக்க வேண்டும். கோடிங் வேண்டாம் என்பவர்கள் படத்தைப் பெரிதாக அச்செடுத்து அரை நிமிடத்துக்கு ஒரு புள்ளி வீதம் ஸ்கேல் வைத்து அளக்கலாம். 90 புள்ளிகள், ஒரு காபி நேரம்.

நம்பலாமா என்று எப்படித் தெரியும்

ஆப் கொடுத்த அந்த மூன்று எண்கள் இப்போதுதான் உதவிக்கு வருகின்றன. என் கணக்கில் சராசரி 119.4, ஆப்பில் 119. என் அதிகபட்சம் 151.5, ஆப்பில் 152. விடுபட்ட நெடுவரிசை ஒன்றும் இல்லை. நல்லது.

இவை பொருந்தாமல் போனால் எப்படிப் பொருந்தவில்லை என்பதே காரணத்தைச் சொல்லிவிடும். சராசரியும் அதிகபட்சமும் ஒரே அளவில் தள்ளியிருந்தால் நிற்கும் அச்சை அளந்ததில் பிசகு. சராசரி சரியாக இருந்து அதிகபட்சம் மட்டும் 5, 6 துடிப்பு குறைவாக வந்தால், ஆப் கோட்டை வழவழப்பாக்கி வரைந்திருக்கிறது, சிகரங்களை மழித்துவிட்டது. அப்படிப்பட்ட படத்தில் 20, 30 வினாடி வேக ஓட்டங்களின் மேல்ஜோன் நேரம் குறைவாகத்தான் கிடைக்கும், என்ன செய்தாலும் திரும்ப வராது. கிடை அச்சின் நீளம் மொத்த நேரத்தோடு ஒத்துப்போகாவிட்டால், நடுவில் நின்ற நேரத்தை ஆப் ஓரிடத்தில் கழித்துவிட்டு இன்னோரிடத்தில் சேர்த்திருக்கிறது.

நம் படத்தில் இந்தக் கோளாறு எதுவும் இல்லை. கோடு ஓரிடத்தில் ஒரே நெடுவரிசையில் 45 துடிப்பு எழும்பியிருந்தது. வழவழப்பாக்கும் ஆப்பாக இருந்தால் அந்த ஏற்றம் சரிவாக மாறியிருக்கும். ஆக, படம் பெரிய பொய் எதுவும் சொல்லவில்லை. அந்த 45 துடிப்பு ஏற்றத்தைப் பற்றிக் கடைசியில் பேசுவோம்.

நிமிடங்கள் வந்தன, அவை யாருடைய நிமிடங்கள்?

ஜோன் கணக்கிட முதலில் அதிகபட்சத் துடிப்பு வேண்டும். பலரும் அறிந்த சூத்திரம் 220 − வயது. 60 வயதுக்கு 160. அதில் 60, 70, 80, 90 சதவீதம் என்று வெட்டினால் எல்லைகள் 96, 112, 128, 144. அதன்படி கிடைத்தது: முதல் ஜோன் 2.5 நிமிடம், இரண்டாவது 8, மூன்றாவது 24.5, நான்காவது 4, ஐந்தாவது 6. கூட்டினால் 45.

பார்க்க எவ்வளவு திருத்தமாக இருக்கிறது! ஆப்பில் இப்படி ஒரு வண்ணப் பட்டியல் வந்திருந்தால் நான் கேள்வி கேட்காமல் நம்பியிருப்பேன்.

இப்போது சூத்திரத்தை மட்டும் மாற்றிப் பார்ப்போம். 2001-இல் தனாகாவும் அவரோடு சேர்ந்தவர்களும் பல ஆய்வுகளைத் தொகுத்து 208 − 0.7 × வயது என்று ஒரு சூத்திரம் தந்தார்கள். 40 வயதில் இரண்டுமே 180 என்றுதான் சொல்லும். வயது ஏற ஏற விலகும். 60 வயதில் இது 166. வித்தியாசம் 6 துடிப்புதான். எல்லைகள் 100, 116, 133, 149 என்று நகர்கின்றன. அதே கோடு, அதே பிக்சல்கள். ஜோன்களில் இப்போது 4, 19.5, 14, 1.5, 6.

மூன்றாவது ஜோன் 24.5-லிருந்து 14-க்கு இறங்கிவிட்டது. பத்தரை நிமிடம் காணோம். சித்தப்பா ஒரு அடிகூட வித்தியாசமாக நடக்கவில்லை.

காரணம் கோட்டின் வடிவத்தில் இருக்கிறது. நடக்கும்போது அவர் துடிப்பு 112-க்கும் 116-க்கும் நடுவிலேயே 13 நிமிடம் தங்கியிருக்கிறது. சீராக நடப்பவர்கள், மெதுவாக ஓடுபவர்கள் எல்லோருக்கும் இப்படி ஒரு தங்குமிடம் இருக்கும். ஜோன் எல்லை அந்தத் தங்குமிடத்துக்குள் விழுந்தால், எல்லையை ஒரு துடிப்பு நகர்த்தினாலே சுமார் 3 நிமிடம் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய்விடும். ஒரு துடிப்பு பெரிய விஷயமா என்ற கேள்விக்கு இதுதான் பதில். கோடு செங்குத்தாகக் கடக்கும் இடத்தில் எல்லை இருந்தால் ஒரு துடிப்புத் தவறு ஒன்றுமே இல்லை. கோடு படுத்திருக்கும் இடத்தில் எல்லை இருந்தால் அதுதான் எல்லாமே. அதனால் ஜோன் நிமிடத்தைச் சொல்லும்போது, எல்லையை ஒரு துடிப்பு ஏற்றியும் இறக்கியும் கணக்கிட்டுப் பார்ப்பது என் வழக்கமாகிவிட்டது. எண் அசையாவிட்டால் நம்பலாம். மூன்று நிமிடம் குதித்தால், "சுமார்" என்று சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இன்னொரு சிக்கல் இதைவிடப் பெரியது. சில கடிகாரங்கள் அதிகபட்சத்தின் சதவீதத்தை எடுப்பதில்லை. ஓய்வுத் துடிப்புக்கும் அதிகபட்சத்துக்கும் நடுவிலுள்ள இடைவெளியின் சதவீதத்தை எடுக்கின்றன. 1957-இல் கார்வோனன் குழுவினர் எழுதிய ஆய்விலிருந்து வந்த முறை இது. ஓய்வுத் துடிப்பு 60, அதிகபட்சம் 160 என்றால் இடைவெளி 100. அதன் 50 சதவீதம் 110-லும் 60 சதவீதம் 120-லும் விழும். சித்தப்பாவின் தங்குமிடமான 114, முதல் முறையில் 71 சதவீதம், மூன்றாவது ஜோன். இந்த முறையில் 54 சதவீதம், முதல் ஜோன். ஒரே மனிதர், ஒரே நடை. ஒரு கடிகாரம் "நல்ல உழைப்பு" என்கிறது, இன்னொன்று "வார்ம் அப்" என்கிறது. இரண்டு பேர் தங்கள் ஜோன் நிமிடங்களை ஒப்பிட்டுப் பேசும்போது, இரண்டு கடிகாரமும் ஒரே முறையில் வெட்டுகின்றனவா என்று யாரும் கேட்பதில்லை.

அந்த 220 − வயது சூத்திரத்தின் பூர்வீகமும் கொஞ்சம் வேடிக்கையானது. ராபர்க்ஸும் லாண்ட்வேரும் 2002-இல் இதைத் தேடிப் போனார்கள். 1971-இல் ஃபாக்ஸ் குழுவினர் எழுதிய கட்டுரையில் போய் நின்றது. அங்கே முறையான புள்ளியியல் கணக்கிலிருந்து அது பிறக்கவில்லை. பல ஆய்வுகளின் புள்ளிகள் மேல் கண்ணால் பார்த்து ஓட்டிய ஒரு கோடு. சராசரி மனிதனுக்குச் சுமாராகப் பொருந்தும். தனி மனிதனுக்கு 10 துடிப்பு இப்படியோ அப்படியோ இருப்பது சாதாரணம். 6 துடிப்புக்கே பத்தரை நிமிடம் போனது என்றால் 10-க்கு என்ன ஆகும்?

சித்தப்பா விஷயத்தில் இந்தச் சூத்திரங்கள் எதுவுமே செல்லாது. அவர் மெட்டோப்ரோலால் சாப்பிடுகிறார். அது பீட்டா பிளாக்கர். துடிப்பு ஏறுவதையே அடக்கி வைக்கும் மாத்திரை. கடிகாரத்துக்கு வயது தெரியும், மாத்திரை தெரியாது. டாக்டர் சொன்ன 130 சூத்திரத்திலிருந்து வந்ததில்லை. அந்த மாத்திரையோடு டிரெட்மில் டெஸ்ட் செய்து பார்த்துச் சொன்னது. ஐந்து ஜோனும் அவருக்கு வேண்டாம். ஒரே ஒரு எல்லை, 130.

130-க்கு மேலே

கணக்கு சொன்னது: 130-க்கு மேலே 175 நெடுவரிசைகள். 525 வினாடி. 8 நிமிடம் 45 வினாடி. எல்லையை ஒரு துடிப்பு நகர்த்தினால் அரை நிமிடம்தான் மாறுகிறது. ஆக உறுதியான எண். ஃபோனை எடுத்தேன், சொல்லிவிடலாம் என்று.

அப்போதுதான் அந்த 175 நெடுவரிசைகள் எங்கே இருக்கின்றன என்று பார்க்கத் தோன்றியது. 120 நெடுவரிசைகள் ஒரே கொத்தாக, 3-ஆவது நிமிடத்திலிருந்து 9-ஆவது நிமிடம் வரை. மீதி 55 முதல் ஓட்டத்தில் இல்லை. 28-ஆவது நிமிடத்துக்குப் பிறகு, இரண்டாவது ஓட்டத்தின் கடைசியில்.

இரண்டு கொத்துக்கும் வடிவம் வேறு. இரண்டாவது ஓட்டத்தில் கோடு 118-லிருந்து மெல்ல மெல்ல ஏறி, நிமிடங்கள் எடுத்துக்கொண்டு 134-ஐத் தொடுகிறது. ஓட்டம் நின்றதும் மெல்ல இறங்குகிறது. இதயம் இப்படித்தான் ஏறி இறங்கும். முதல் ஓட்டத்தில் 105-லிருந்து 150-க்கு ஒரே நெடுவரிசையில், அதாவது 3 வினாடிக்குள் சுவர் மாதிரி எழும்பி, 6 நிமிடம் 150-க்கும் 152-க்கும் நடுவில் மேஜை போலப் படுத்து, அதே மாதிரி சுவராக விழுகிறது. பீட்டா பிளாக்கர் சாப்பிடும் 60 வயதுக்காரர், மெதுவான ஓட்டத்தில்.

"சித்தப்பா, அதே ஆப்ல காலடி எண்ணிக்கை வரைபடம் இருக்குமே, அதையும் அனுப்புங்க." வந்தது. முதல் ஓட்டத்தில் நிமிடத்துக்கு 150-லிருந்து 152 அடி.

மணிக்கட்டுக் கடிகாரம் பச்சை வெளிச்சத்தைத் தோலுக்குள் அனுப்பி, திரும்பி வரும் வெளிச்சம் ஏறி இறங்குவதை வைத்துத் துடிப்பை எண்ணுகிறது. கை வீசும்போது கடிகாரம் தோல் மேல் அசைவதாலும் அந்த வெளிச்சம் ஏறி இறங்கும், ஒவ்வொரு அடிக்கும் ஒருமுறை. பட்டை தளர்வாக இருந்தாலோ, காலைக் குளிரில் தோலில் ரத்த ஓட்டம் குறைவாக இருந்தாலோ, அடியின் தாளம் இதயத்தின் தாளத்தைவிடப் பலமாகத் தெரியும். கடிகாரம் அடியை எண்ணிவிட்டுத் துடிப்பு என்று எழுதிவிடும். ஓடுபவர்கள் வட்டாரத்தில் இதற்கு கேடன்ஸ் லாக் என்று பெயர். அடையாளங்கள்: சுவர் மாதிரி ஏற்றம், மேஜை மாதிரி தட்டை, அடி எண்ணிக்கையோடு ஒட்டிப் போகும் எண்.

இங்கே ஒரு எச்சரிக்கை சொல்லியே ஆகவேண்டும். சுவர் மாதிரி எழும்பி 150 பக்கத்தில் தட்டையாக நிற்பது உண்மையான இதயத் தாளக் கோளாறிலும் நடக்கும். ஏட்ரியல் ஃப்ளட்டர் என்பதில் துடிப்பு பல நேரம் 150-ஐ ஒட்டியே நிற்கும். அதனால் "சென்சார் கோளாறு" என்று நாமே தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. அடி எண்ணிக்கை ஒத்துப்போகிறதா, அடி மாறும்போது எண்ணும் மாறுகிறதா, நின்றதும் விழுந்ததா என்று பார்க்க வேண்டும். நின்ற பிறகும் தட்டை தொடர்ந்தால், படபடப்போ தலைசுற்றலோ இருந்தால், அது பிக்சல் விவகாரம் இல்லை. டாக்டரிடம் போகிற விவகாரம்.

சித்தப்பாவுக்குப் படபடப்பு இல்லை. இரண்டு கோடும் ஒத்துப்போயின. ஓட்டம் நின்ற அதே நிமிடத்தில் சுவர் விழுந்திருந்தது. இருந்தாலும் ஒரு நண்பரிடம் மார்புப் பட்டை இரவல் வாங்கிக் கொடுத்தேன். அது இதயத்தின் மின்துடிப்பை நேராக எடுப்பதால் கை வீச்சு அதைக் குழப்பாது. அடுத்த வாரம் அதே பார்க், அதே வேகம், அதே 6 நிமிட ஓட்டம். கோடு 104-லிருந்து மெல்ல ஏறி 127-இல் நின்றது. சுவர் இல்லை. இரண்டு படத்தையும் அடுத்த செக்கப்பில் டாக்டரிடம் காட்டிவிட்டார்.

ஆக, அந்த ஞாயிற்றுக்கிழமைக் கணக்கை நான் இப்படித் திருத்தி எழுதினேன்: தெரிந்த நேரம் 39 நிமிடம், அதில் 130-க்கு மேலே 2 நிமிடம் 45 வினாடி. தெரியாத நேரம் 6 நிமிடம். அந்த 6 நிமிடத்தில் 127 என்று போட்டு நிரப்பவில்லை. அது வேறொரு நாளின் எண். இரண்டு பக்கமும் கோட்டை நீட்டி இணைத்தும் விடவில்லை. தெரியாததைத் தெரியாதது என்று ஒரு தனிக் கட்டத்தில் எழுதுவதுதான் நேர்மை. எந்த ஜோன் பட்டியலிலும் அப்படி ஒரு கட்டம் நான் பார்த்ததில்லை. 45 நிமிடத்தையும் ஐந்து ஜோனுக்குள் அடைத்தே தீருவேன் என்றுதான் அவை நிற்கின்றன.

என் குறையும் அதுதான். அந்த ஆப்பில் ஜோன் பட்டியல் இருந்திருந்தால் சித்தப்பா என்னிடம் கேட்டிருக்க மாட்டார். "ஐந்தாவது ஜோன் 6 நிமிடம்" என்று சிவப்பில் காட்டியிருக்கும். பயந்துபோய் ஓட்டத்தை நிறுத்தியிருப்பார். வேறொருவராக இருந்தால் "152 வரைக்கும் போனேன், ஒண்ணும் ஆகலையே" என்று தைரியம் வந்து இன்னும் வேகமாக ஓடியிருப்பார். அந்த 6 என்ற எண்ணுக்குள் சுவர் தெரியாது, மேஜை தெரியாது. பட்டியல் ஆக்கும்போது முதலில் தொலைவது வடிவம்தான். உண்மையான 6 நிமிடமும் பொய்யான 6 நிமிடமும் பட்டியலில் ஒரே மாதிரிதான் இருக்கும்.

நெடுவரிசைகளை எண்ண உட்கார்ந்தபோது நான் தேடியது நிமிடங்களை. எண்ணுவதற்காகக் கோட்டை உற்றுப் பார்க்க வேண்டியிருந்ததால்தான் சுவர் கண்ணில் பட்டது. கடிகாரம் இரண்டையும் தந்தால் ஜோன் பட்டியலைப் பார்ப்பதற்கு முன்னால் கோட்டைப் பாருங்கள். எங்கே சுவராக எழும்புகிறது, எங்கே தட்டையாகப் படுக்கிறது, எல்லை அந்தத் தட்டைக்குள் விழுகிறதா என்று இந்த மூன்றைப் பார்த்துவிட்டுப் பிறகு நிமிடங்களை நம்புங்கள்.

சித்தப்பா இப்போது கடிகாரத்தை மணிக்கட்டு எலும்புக்கு இரண்டு விரல் மேலே, கொஞ்சம் இறுக்கமாகக் கட்டிக்கொள்கிறார். போன வாரப் படத்தில் சுவர் இல்லை. கீழே எழுதியிருந்தார்: "இன்னிக்கு 130-க்கு மேல ரெண்டு நிமிஷம் இருக்கும்னு நெனைக்கிறேன். நானே ஸ்கேல் வச்சுப் பாத்தேன்." எண்ணிப் பார்த்தேன். 38 நெடுவரிசைகள், 1 நிமிடம் 54 வினாடி.